பிளஸ் ஒன் பையன் சட்டென்று மாறிப்போனால் முதலில் யாரிடம் போவது?

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். சைக்காலஜியில் முதுகலை முடித்து, மருத்துவமனையில் இரண்டு வருடம் எம்.ஃபில் பயிற்சி எடுத்து, ஆர்.சி.ஐ என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேன். நான் மருந்து எழுத முடியாது. அதை எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட், அதாவது எம்.பி.பி.எஸ் முடித்து அதன் மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி அல்லது அதற்கு இணையானதைப் படித்த டாக்டர். கவுன்சலர் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் நன்றாகப் பயிற்சி பெற்ற பள்ளி கவுன்சலரும் இருக்கிறார், சில வார ஆன்லைன் சான்றிதழோடு போர்டு மாட்டியவரும் இருக்கிறார், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

அடையாளங்களை மாற்றி ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். பிளஸ் ஒன் போனதும் மார்க் சரிந்தது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான், எப்போதும் கையில் போன். போன்தான் காரணம் என்று முடிவு செய்த பெற்றோர் ஒரு கவுன்சலிங் சென்டருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கைரேகையை ஸ்கேன் செய்து மூளைத்திறன் ரிப்போர்ட் கொடுத்து (இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது, காசை வீணாக்காதீர்கள்), நாலைந்து வாரம் ஊக்கப் பேச்சு பேசி அனுப்பினார்கள். பையன் இன்னும் ஒடுங்கிப்போனான்.

என்னிடம் வந்தபோது நான் மார்க்கைப் பற்றி முதலில் கேட்கவில்லை, தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டேன். விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது, திரும்பத் தூக்கம் வருவதில்லை, அந்த நேரத்தில்தான் போன். சட்டை தொளதொளவென்று இருந்தது, இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறான். உயிராக இருந்த ஃபுட்பாலையும் விட்டுவிட்டான். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வந்தால் பல நேரம் அழுகையை விட எரிச்சல்தான் முன்னால் நிற்கும், அதனால் வீட்டில் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்கிற பயம் தேவையில்லை. "காலையில எழுந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணும்" என்றான். இதைப் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும் என்று அவனிடம் விளக்கி, அவனையும் வைத்துக்கொண்டே சொன்னேன்.

இந்த நிலையில் பேச்சு சிகிச்சையை மட்டும் நான் ஆரம்பித்திருந்தால் தப்பு. சைக்கியாட்ரிஸ்ட்டிடம் அனுப்பினேன். அவர் ரத்த சோகையும் தைராய்டும் இல்லையென்று டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். முதல் சில வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும், மாத்திரைகள் அம்மாவின் கையில்தான் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். தூக்கம் சரியான பிறகு வாரம் ஒருமுறை என்னிடம் சிகிச்சைக்கு வந்தான். பள்ளி கவுன்சலர் வகுப்பாசிரியரிடம் பேசி, கொஞ்ச நாளைக்கு வாராந்திரத் தேர்வுகளிலிருந்து விலக்கு வாங்கிக் கொடுத்தார். அதை நானோ டாக்டரோ வெளியிலிருந்து அவ்வளவு எளிதாகச் செய்திருக்க முடியாது.

யாரிடம் முதலில் என்பதை நான் இப்படித்தான் பார்ப்பேன். தூக்கம், சாப்பாடு, எடை, குளிப்பது, பள்ளிக்குப் போவது இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால், அல்லது கையை அறுத்துக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, காதில் குரல் கேட்பது, போதைப் பழக்கம் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும், முதலில் சைக்கியாட்ரிஸ்ட். அவரிடம் போனாலே மாத்திரை தந்துவிடுவார் என்பதில்லை, தேவையில்லாவிட்டால் அவரே எங்களிடம் அனுப்பிவிடுவார். சாப்பாடும் தூக்கமும் நன்றாக இருந்து, எந்த குரூப் எடுப்பது, நண்பர்களோடு சண்டை, பரீட்சை பயம் என்று இன்ன விஷயம் எனச் சொல்லும்படி இருந்தால் பள்ளி கவுன்சலரே போதும். சின்ன வயதிலிருந்தே எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம் இருந்தாலோ, பதற்றம் மாதக்கணக்கில் நீண்டாலோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் வாருங்கள், டெஸ்ட் எடுத்துப் பார்த்துச் சொல்வோம். வரும் முன் ஆர்.சி.ஐ பதிவு எண்ணைக் கேளுங்கள், கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம்.

பணம் ஒரு பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி இலவசம். ராத்திரி இரண்டு மணிக்குப் பயமாக இருந்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். ஆனால் பிள்ளை ஏற்கெனவே ஏதாவது விழுங்கிவிட்டது, காயப்படுத்திக்கொண்டது என்றால் போன் பேசிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், "நான் என்ன பைத்தியமா" என்று பிள்ளை வர மறுத்தால், வெளியூருக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிவராதீர்கள், அறைக்குள் வந்தபின் வாயே திறக்காது. ஆபத்தான அறிகுறிகள் இல்லையென்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் வரலாம். தூங்கும் நேரம், எடை, எப்போதிலிருந்து மாற்றம் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.