லாபம் உச்சத்தில் இருக்கும்போது மலிவாகத் தெரியும் பங்கு

நாமக்கல்லில் 10 லாரி வைத்திருப்பவர் 11-வது லாரியை எப்போது வாங்குவார்? லோடு குவிந்து, வாடகை நன்றாகக் கிடைக்கும்போது. லோடு குறைந்தால் பழைய வண்டியையே இன்னும் 2 வருடம் ஓட்டிவிடுவார். ஆனால் அவர் வீட்டில் சோப்பும் டீத்தூளும் வாங்குவதை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். லாரி செய்யும் அசோக் லேலண்ட் சுழற்சிப் பங்காகவும், சோப்பு விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் தற்காப்புப் பங்காகவும் இருப்பது இதனால்தான்.

2018-இல் லாரிகளில் ஏற்றலாம் என்ற எடை வரம்பை அரசு உயர்த்தியது. இருக்கிற வண்டியிலேயே கூடுதல் சரக்கு போனது. அதே ஆண்டு உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் தரும் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனம் தன் கடன் தவணையைக் கட்டத் தவறியதும் நிதி நிறுவனங்கள் கடனை இறுக்கின. 2018-19-இல் சுமார் 29,000 கோடி ரூபாயாக இருந்த லேலண்டின் விற்பனை, அடுத்த ஆண்டு 17,500 கோடிக்கு இறங்கியது. அதாவது 40 சதவீதச் சரிவு. லாபமோ 1,983 கோடியிலிருந்து 240 கோடியானது. கிட்டத்தட்ட 88 சதவீதம் போய்விட்டது. லாரி விற்றாலும் விற்காவிட்டாலும் எண்ணூர், ஓசூர் ஆலைகளின் சம்பளமும் தேய்மானமும் பெரிதாகக் குறையாது. விற்பனையின் சரிவு லாபத்தில் பெருகி விழுவது இப்படித்தான். அதே ஆண்டில் யூனிலீவரின் லாபம் சுமார் 6,000 கோடியிலிருந்து 6,700 கோடிக்கு ஏறியது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இனிதான் வருகிறது. 2018 மே மாதம் 160 ரூபாயைத் தாண்டியிருந்த லேலண்ட் பங்கு, 2019 மே மாதம் 90 ரூபாய் அளவில் இருந்தது. பங்குக்கு லாபம் 6.75 ரூபாய் என்பதால், விலை லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் பி.இ. வெறும் 13. மலிவு என்று வாங்கியவர், 2020 மார்ச்சில் அது 40-க்கும் கீழே போனதைப் பார்த்தார். 2020 ஜூனில் விலை 50-ஐ ஒட்டி இருந்தது. ஆனால் லாபம் பங்குக்கு 82 பைசாவாகச் சுருங்கியதால் பி.இ. 60. பார்த்தால் பயமாக இருக்கும். வாங்க வேண்டிய நேரம் அதுதான்: 2024 நடுவில் விலை 200-க்கு மேல். (எல்லாம் அன்றைய விலைகள்; பின்னால் வந்த போனஸ் பங்குகளுக்காகச் சரிசெய்யவில்லை.)

சரி, தற்காப்புப் பங்கு? 2018 மே மாதம் 1,600 ரூபாயை ஒட்டி இருந்த யூனிலீவர், சந்தையே சரிந்த 2020 மார்ச் இறுதியில் 2,000-க்கு மேல் நின்றது. ஆனால் லேலண்ட் நான்கு மடங்கான அடுத்த நான்கு ஆண்டில் அது 2,500-ஐத்தான் எட்டியது. பயந்த காலத்தில் எல்லோரும் அதில் ஒதுங்கி, விலையை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள்.

அதனால் சுழற்சிப் பங்கில் ஒரு வருட லாபத்தை நம்பக்கூடாது. ஏற்றமும் இறக்கமும் அடங்கிய 6, 7 வருட லாபத்தின் சராசரியை எடுக்க வேண்டும். 2018-19 முதல் 2023-24 வரையிலான லேலண்டின் சராசரி, பங்குக்கு சுமார் 3.70 ரூபாய். 160 ரூபாய் விலை அதைப்போல் 43 மடங்கு. 50 ரூபாய் விலை 14 மடங்குகூட இல்லை. இந்தச் சராசரி அன்று யாருக்கும் தெரியாது என்பது உண்மை. அதனால் முந்தைய சுழற்சியின் சராசரியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்புறம், கடனையும் பார்க்க வேண்டும்: லாபமே இல்லாத ஆண்டிலும் வட்டி கட்ட முடிகிற நிறுவனம்தான் அடுத்த ஏற்றம் வரை தாக்குப்பிடிக்கும்.