46 என்ற ஒரே சராசரி, இரண்டு வேறு வகுப்புகள்

அன்புள்ள ஆசிரியர்களே,

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குத் தேர்வில் ‘ஏ’, ‘பி’ இரு பிரிவுகளுக்கும் 80க்குச் சராசரி 46. இத்தனை ஆண்டுகளாக இதை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டும் சமமாகப் படிக்கின்றன என்று மதிப்பெண் பதிவேட்டை மூடிவைத்திருக்கிறோம். இம்முறை ஆசிரியர் அறையில் ஒட்டியிருக்கும் பெட்டி வரைபடம் வேறு கதை சொல்கிறது. ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்களையும் ஒரு பெட்டியாகவும் அதன் இருபுறக் கோடுகளாகவும் அது காட்டுகிறது.

ஒவ்வொரு பிரிவிலும் 39 பேர். மதிப்பெண்களைக் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினால் இருபதாவது பிள்ளையின் மதிப்பெண்தான் பெட்டிக்குள் இருக்கும் கோடு. அது சராசரி அல்ல, இடைநிலை. பத்தாவது பிள்ளையிடம் பெட்டி தொடங்கி, முப்பதாவது பிள்ளையிடம் முடிகிறது. இருபுறமும் நீளும் கோடுகள் கடைசி மதிப்பெண்ணையும் முதல் மதிப்பெண்ணையும் தொடுகின்றன.

‘ஏ’ பிரிவின் பெட்டி 40 முதல் 52 வரை. ‘பி’ பிரிவில் அது 24 முதல் 66 வரை நீள்கிறது. நீளமான பெட்டியைப் பார்த்து, “அங்கே நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று இருவர் என்னிடம் சொன்னார்கள். அப்படியில்லை. இரண்டு பெட்டிகளிலும் இருப்பது ஏறத்தாழப் பாதி வகுப்புதான். நீளம் கூடினால் அதே பிள்ளைகள் அதிகமாகச் சிதறியிருக்கிறார்கள் என்று பொருள்.

பெட்டியும் ஒன்றை மறைக்கும் என்பதால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். ‘பி’ பிரிவில் 31க்கும் 47க்கும் நடுவே ஒரு புள்ளிகூட இல்லை. சராசரியான 46ஐ ஒட்டிப் பாடம் நடத்தினால், அந்த மதிப்பெண்ணில் அங்கே யாருமே இல்லை. தேர்ச்சிக்குரிய 33 சதவீதத்துக்குத் தேவையான 27ஐ எட்டாதவர்கள் பதின்மூன்று பேர். ‘ஏ’ பிரிவில் ஒருவரும் இல்லை.

அந்தப் பதின்மூன்று விடைத்தாள்களையும் கணக்கு ஆசிரியையும் நானும் புரட்டினோம். கொடுத்த சமன்பாட்டைத் தீர்க்கும் இடத்தில் பலர் சரியாகவே செய்திருந்தார்கள். வாக்கியக் கணக்குகள் மட்டும் வெற்றிடமாக இருந்தன. ஏழு பேர் பெற்றோரின் பணி மாற்றத்தால் ஏப்ரலில்தான் தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கு வந்தவர்கள். எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்களில் ஒரு மாணவியிடம், அவள் விட்டிருந்த வாக்கியக் கணக்கு ஒன்றை, “ஓர் எண் மற்றதைவிட 7 அதிகம்; கூட்டினால் 31” என்று ஆசிரியை தமிழில் சொன்னார். அவள் உடனே x = y + 7, x + y = 31 என்று எழுதி, 19, 12 என்று விடையும் தந்தாள். இவளைக் ‘கணக்கில் மந்தம்’ என்று நாம் எழுதிவைத்திருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த ஏழு பேரைத் தவிர்த்த மற்ற ஆறு பேரின் சிக்கல் வேறாக இருக்கலாம். அதைப் படம் சொல்லாது, விடைத்தாள்தான் சொல்லும்.

மதிப்பெண் ஏற்றும்போது, தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்யம் போடாதீர்கள். கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஒரு பூஜ்யம் போதும், கீழ்க்கோடு அடிவரை இறங்கிவிடும்.

புதன்கிழமை கூட்டத்துக்கு உங்கள் பாடத்தின் படத்தோடு, கடைசிப் பத்துப் பேரின் விடைத்தாள்களையும் எடுத்து வாருங்கள்.