பின்னல் எங்கே சிக்கியது? ஏழாம் வகுப்பில் பின்னல் கோலாட்டம்

ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நாட்டுப்புற நடனம் என்றால் பெரும்பாலும் ஆண்டு விழாவுக்கோ கலைத் திருவிழாவுக்கோ ஒரு பாட்டைப் போட்டு, நன்றாக ஆடுகிற நாலு பேரை முன்வரிசையில் நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது. பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் ஆடுபவரைப் பார்த்துப் பார்த்து, ஒரு தட்டு தள்ளி ஆடுவார்கள். மேடைக்கு அது போதும். தாளம், உடல் ஒத்திசைவு, சேர்ந்து செயல்படுதல் ஆகிய மூன்றும் அந்தப் பிள்ளைக்கு வந்ததா என்று கேட்டால் ஆசிரியருக்குப் பதில் தெரியாது.

அதனால்தான் இந்த அலகுக்கு நான் பின்னல் கோலாட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். மேலே கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, கோல் தட்டியபடி ஒருவரையொருவர் கடந்து ஆடி, அந்தக் கயிறுகளைப் பின்னுகிற ஆட்டம் அது. இதில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஆட முடியாது. அவர் எதிர்த்திசையில் போகிறவர். கடக்கும்போது நாம் வட்டத்தின் வெளிப்பக்கமாகப் போனால் அவர் உட்பக்கமாகப் போவார். போதாததற்கு, ஆடியதெல்லாம் தலைக்கு மேலே பின்னலாகப் பதிவாகிவிடும்.

எட்டுப் பேர் கொண்ட குழு வசதியானது. வேப்பங்கிளையிலோ வராந்தா உத்தரத்திலோ பத்தடி உயரத்தில் ஒரு இரும்பு வளையம் கட்டி, அதிலிருந்து எட்டுக் கயிறுகள். ஆறடி ஆர வட்டத்தில் நிற்கும் பிள்ளையின் கை மூன்றடி உயரத்தில் இருந்தால், வளையத்திலிருந்து கை வரை ஒன்பதேகால் அடி வரும். பிடிக்கவும் முடிச்சுப் போடவும் சேர்த்துப் பதினொரு அடியாக வெட்டிக்கொள்ளலாம். நைலான் கயிறு வேண்டாம். வழுக்கும், கையையும் அறுக்கும். பழைய பருத்திச் சேலையை நீளவாக்கில் கிழித்தால் அருமையான கயிறு. வட்டத்தில் நிற்பவர்களுக்கு வரிசையாக ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்துவிட்டால் இரண்டே நிறம் போதும்: ஒற்றை எண்காரர்களுக்குச் சிவப்பு, இரட்டை எண்காரர்களுக்கு மஞ்சள். இடது கையில் கயிறு, வலது கையில் ஒரு கோல். கோல் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, கண் விஷயம்.

கயிற்றைத் தொடும் முன்பே தாளம் வந்துவிட வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையில் போட்டுக்கொண்டு நடக்க வைப்பேன். முதல் நான்கு லகு, அடுத்த நான்கு இரண்டு த்ருதம். எதிரில் வருபவரோடு இரண்டு எண்ணிக்கைக்குக் கோல் தட்டு, அடுத்த இரண்டுக்கு அவரைக் கடந்து போ. அப்படியானால் எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு ஆவர்த்தனத்தில் இரண்டு கடத்தல். ஒற்றை எண்காரர் லகுவில் வெளியே, த்ருதத்தில் உள்ளே. இரட்டை எண்காரர் அதற்கு நேர்மாறு. தாளத்தில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்த பிள்ளைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நாலு கடத்தலில் எதிர் அணியின் நாலு பேரையும் சந்தித்து வட்டத்தின் மறுபாதிக்கு வந்திருப்பார்கள். எட்டாவது கடத்தலில், அதாவது நாலு ஆவர்த்தனம் முடியும்போது, அவரவர் கிளம்பிய இடம். தரையில் சுண்ணாம்பால் எண் எழுதி வைத்தால் யார் வீடு வந்து சேரவில்லை என்பதைச் சத்தம் போடாமலே காட்டிவிடலாம்.

பிறகுதான் கயிறு. இங்கே இரண்டு விஷயங்கள் புதிதாகச் சேர்கின்றன. ஒன்று, உள்ளே போகிறவர் குனிய வேண்டும், வெளியே போகிறவர் கையைத் தூக்கி வழிவிட வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் ஐந்தரை அடி இருப்பான், பக்கத்தில் நிற்கும் பெண் நாலரை அடி. அவன் குனிவதும் அவள் கையை நன்றாக உயர்த்துவதும் ஒரே தட்டில் நடக்க வேண்டும். இரண்டு, பின்னல் கீழே இறங்க இறங்கக் கயிறு குறையும், வட்டம் சுருங்கும். தாளம் மாறாது, அடியின் நீளம் மட்டும் குறைய வேண்டும். பழைய அகலத்திலேயே அடி வைப்பவர்கள் சந்திக்கும் இடத்துக்கு முன்னதாகவே போய் மோதிக்கொள்வார்கள்.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வகுப்பில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். முதல் சுற்று முடிந்து பின்னலைப் பார்த்தோம். மேலே ஒரு சாண் அளவுக்குச் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி வந்திருந்தன. அதற்குக் கீழே ஒரு சிவப்பு, அடுத்தடுத்து மூன்று மஞ்சளுக்கு மேலாகவே போயிருந்தது. இன்னும் கீழே பின்னல் தொளதொளவென்று இருந்தது. வீட்டில் தறி ஓடுகிற பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்து, “இழை தாண்டிருச்சுங்க சார்” என்றான். சரியான கணிப்பு. அந்தச் சிவப்புக்காரர் உள்ளே போக வேண்டிய கடத்தலில் மறுபடியும் வெளியே போயிருக்கிறார். தாளம் தவறவில்லை, பக்கம் தவறியது. தொளதொளப்போ வேறு கதை. யாரோ முந்தி வந்து, கயிற்றைத் தளர விட்டுக் காத்திருந்திருக்கிறார். அது தாளக் குறை, அல்லது அடியைச் சுருக்காத குறை. எது என்று பார்க்க, அந்தப் பிள்ளையைக் கயிறு இல்லாமல் அதே தாளத்துக்கு நடக்க விட்டோம். தட்டு சரியாகவே விழுந்தது. ஆக, தாளம் இருக்கிறது. சுருங்கும் வட்டத்துக்கு ஏற்ப அடி வைக்கத்தான் பழக வேண்டும். மூன்றாவதாக ஒரு குறை உண்டு. பின்னல் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். யாரோ ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்துத் தன் வேகத்துக்கு எல்லோரையும் ஓட்டப் பார்க்கிறார் என்று பொருள். பெரும்பாலும் அது குழுவிலேயே நன்றாக ஆடுகிற பிள்ளையாக இருக்கும்!

உண்மையான தேர்வு பின்னலைப் பிரிப்பதில்தான். எட்டாவது கடத்தலில் ஒற்றை எண்காரர் உள்ளே போயிருப்பார். திரும்பி நின்றதும், கடைசியாகக் கடந்த அதே ஆளை அதே பக்கமாகவே கடக்க வேண்டும். அதனால் பிரிக்கும்போது லகுவில் உள்ளே, த்ருதத்தில் வெளியே என்று ஒற்றை எண்காரரின் வரிசை தலைகீழாகும். ‘லகு என்றால் வெளியே’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே பழக்கத்தில் வெளியே போவார்கள். அவிழ வேண்டிய இடத்தில் இன்னொரு முறுக்கு விழும். பின்னும்போது செய்த தவறையும் பிரிக்கும்போது அப்படியே திரும்பச் செய்தாக வேண்டும் என்பது இதைவிட வேடிக்கை. இழை தாண்டிய இடம் வந்ததும் எல்லோரும் நின்று, மேலே பார்த்து, இந்த முறையும் வெளியேதான் என்று அவர்களே பேசி முடிவெடுக்க வேண்டும். நான் அப்போது வாயைத் திறப்பதில்லை. யார் மேலே பார்த்தார்கள், யார் எதிராளிக்குக் கை காட்டினார்கள், யார் “உன்னாலதான்” என்றார்கள் என்று மதிப்பீட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது அந்த இரண்டு நிமிடத்தில்தான். சேர்ந்து செயல்படுதலுக்கு மதிப்பெண் போட எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

ஏற்காட்டுப் பக்கப் பள்ளிகளில் இரண்டு சிக்கல்கள் கூடுதலாக உண்டு. மைதானம் சரிவாக இருந்தால் பள்ளத்துப் பக்கம் போகும்போது கயிறு எட்டாமல் இழுபடும். சமதளமான வராந்தாவோ வகுப்பறையோதான் சரி. அப்புறம், காப்பி பறிப்புக் காலத்தில் எட்டில் ஒருவர் வராமல் போவது சாதாரணம். ஏழு பேரை வைத்துப் பின்ன முடியாது, ஒருவருக்கு எதிராள் இருக்க மாட்டார். அதனால் குழுவைப் பத்துப் பேராக வைத்து, இருவரை ஜால்ராவுக்கும் தாளம் சொல்லவும் நிறுத்தி, ஒவ்வொரு வகுப்பிலும் ஆளை மாற்றிவிடுவேன். மாற்றும்போது ஒருவர் ஒற்றை எண்ணிலும் இரட்டை எண்ணிலும் நின்று பழகியிருக்கும்படி பார்த்துக்கொண்டால், அன்று வந்திருப்பவர்களில் எந்த எட்டுப் பேரைக் கொண்டும் கயிற்றைப் பிடிக்கலாம்.