மங்கிய பேப்பர் கட்டிங்கில் அழிந்துபோன ஒரு சொல்

பழைய பேப்பர் கட்டிங்கை ஸ்கேன் செய்து கொடுத்து, "வெள்ளையாக்கிவிட்டு, மடிப்பில் போன அந்த ஒரு சொல்லையும் போட்டுவிடுங்கள்" என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டையும் செய்யலாம். ஆனால் வெள்ளையாக்கும்போது புள்ளிகள் காணாமல் போகின்றன. சொல்லைப் போடும்போது பத்திரிகையில் இல்லாத ஒரு சொல் பத்திரிகையின் பெயரில் ஏறிவிடுகிறது. இந்த இரண்டும் நேராமல் வேலையை முடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

செய்தித்தாள், மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்யப்படுவது. அதில் தங்கிவிடும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. கூடவே அமிலமும் சேர்வதால் தாள் நொறுங்கும். எனவே மடிப்பை நீக்க இஸ்திரி போடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் போதும். தாளின் முதுகில் கறுப்பு அட்டை ஒன்றை வையுங்கள். வெள்ளை மூடி இருந்தால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். கறுப்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

600 டிபிஐ, முழு வண்ணம், டிஃப் கோப்பு. ஸ்கேனர் மென்பொருளில் கூர்மையாக்கல், தூசி நீக்கல், தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைச் செய்திக்கு எதற்கு வண்ணம் என்று தோன்றும். மஞ்சளை நீக்கும் வழியே அந்த வண்ணத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் தாள் நீல ஒளியை விழுங்கிக்கொள்கிறது, சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஸ்கேனில் நீல ஒளியை மட்டும் பதிவுசெய்யும் நீல வாய்க்காலில் தாள் அழுக்காகவும், சிவப்பு வாய்க்காலில் கிட்டத்தட்ட வெளுப்பாகவும் இருக்கும். அச்சு மை இரண்டிலும் கறுப்புதான். ஜிம்ப் மென்பொருளில் `Colors > Components > Extract Component` போய் `RGB Red` எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. யாராவது நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால் மட்டும் சிவப்பு வாய்க்கால் அந்தக் கோட்டை அழுத்தமாகக் காட்டும். அந்த இடத்துக்கு நீல வாய்க்காலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மீதி இருப்பது ஓரம் கருத்தும் நடு வெளுத்தும் இருக்கும் சீரற்ற பின்புலம். படத்தின் லேயரை நகலெடுத்து, மேல் நகலுக்கு `Filters > Blur > Median Blur` கொடுங்கள். ஆரம் 40 பிக்சல், `Percentile` 90. எழுத்துகள் மறைந்து தாளின் நிறம் மட்டும் மேகம்போல் நிற்கும். இப்போது அந்த லேயரின் `Mode` பட்டியலில் `Divide` தேர்ந்தால் தாளின் கறை வகுபட்டுப் போய் எழுத்து நிற்கும். புகைப்படத்துக்கும் தடித்த தலைப்புக்கும் இதைச் செய்யக்கூடாது. ஆரத்தைவிட நன்றாகத் தடித்த கறுப்பை மென்பொருள் தாள் என்று எடுத்துக்கொள்ளும். எழுத்தின் வயிறு வெளுத்து ஓரம் மட்டும் மிஞ்சும். அப்படித் தெரிந்தால் அந்தப் பகுதியைத் தேர்ந்து மேல் லேயரில் அழித்துவிட்டு, `Levels` கொண்டு தனியே சரிசெய்யுங்கள்.

அடுத்து `Merge Down` கொடுத்து இரண்டு லேயரையும் ஒன்றாக்கிவிட்டு, `Levels`: வெள்ளை முனையை 230 பக்கமும் கறுப்பு முனையை 40 பக்கமும் நகர்த்தினால் போதும். முழுக் கறுப்பு, முழு வெள்ளை என்று வெட்டிவிடும் `Threshold` பக்கம் போகாதீர்கள். அதற்கும் `Despeckle` கருவிக்கும் தமிழில் முதலில் பலியாவது புள்ளி. 10 பாயின்ட் எழுத்தில், 600 டிபிஐ ஸ்கேனில், மெய்யெழுத்தின் புள்ளி ஏறத்தாழ 10 பிக்சல்தான் இருக்கும். 300 டிபிஐயில் அது ஐந்தாகி, தாளின் நார்த்துணுக்குக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். 600 என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். தானியங்கித் தூசி நீக்கத்தில் ஒரு புள்ளி போனால் 'கல்வி' 'கலவி' ஆகிவிடும். மாறாக, ஒரு கறைத்துளி எழுத்தின் தலைமேல் நின்றால் இல்லாத மெய் பிறக்கும். ஆகவே முதலில் தெளிவான மூன்று நான்கு புள்ளிகளை அளவுகோல் கருவியால் அளந்துகொண்டு, அதைவிடச் சிறிய துகள்களை மட்டும் கையால் நீக்குங்கள். வரிகளுக்கு இடையே உள்ள கறைகளைத் தாராளமாக அழிக்கலாம். எழுத்தின் தலைக்கு மேலே இருப்பதைச் சொல்லாகப் படித்துப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

இனி அந்தச் சொல். போடுவதற்கு முன் உண்மையிலேயே அது படிக்க முடியாததா என்று பாருங்கள். மடிப்பில் மை உதிர்ந்திருக்கலாம், அல்லது மேட்டின் நிழல் மட்டும் மறைத்திருக்கலாம். ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. தாளை 90 பாகை, 180 பாகை திருப்பி மறுபடி ஸ்கேன் செய்தால் நிழல் வேறு பக்கம் விழும். சில நேரம் சொல் அப்படியே வெளிவந்துவிடும். மெலிந்த சிஐஎஸ் வகை ஸ்கேனர்களுக்குக் கண்ணாடியை ஒட்டிய பரப்பு மட்டுமே தெளிவாகத் தெரியும் என்பதால் மேடான மடிப்பு கலங்கும். பழைய கனமான சிசிடி ஸ்கேனர் கிடைத்தால் அதில் முயலுங்கள்.

அப்படியும் தெரியாத சொல்லுக்கு ஓர் உதாரணம். 1960களின் கட்டிங் ஒன்றில் இப்படி ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம்: "பஞ்சாலைத் தொழிலாளர்கள் நேற்று ——யில் கூடினர்." மடிப்பில் முன்பகுதி போய், 'யில்' மட்டும் தப்பியிருக்கிறது. பொருள் பார்த்தால் தொழிற்சாலையில், சாலையில், ஆலையில் மூன்றும் பொருந்தும். சாலையில் கூடினால் மறியலாக இருக்கலாம், ஆலைக்குள் கூடினால் கூட்டமாக இருக்கலாம், செய்தியே மாறுகிறது. ஊகத்துக்கு இங்கே இடமில்லை.

முதலில் அகலம். முந்தைய சொல்லின் முடிவிலிருந்து 'ய' தொடங்கும் இடம் வரை அளந்து, அதே பத்தியில் உள்ள எழுத்துகளின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். 'தொழிற்சாலை' அந்த இடத்தில் அடங்காது, அது கழிந்தது. 'சாலை'யும் 'ஆலை'யும் ஏறக்குறைய ஒரே அகலம். அளவு இங்கே கைகொடுக்காது. எஞ்சிய மைத்துணுக்குகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'சா' முழுக்க, எழுத்துகள் வரிசையாக நிற்கும் அடிவரியின் மேலேயே உட்காரும். 'ஆ'வின் வலப்பக்கச் சுழி அடிவரிக்குக் கீழே இறங்கும். மடிப்பின் கீழ் ஓரத்தில், அடிவரிக்குக் கீழே ஒரு வளைவின் துண்டு தப்பியிருந்தால் அது 'ஆலையில்'. அப்படி எதுவும் மிஞ்சவில்லை என்றால் இன்னொரு பிரதியைத் தேடுவது ஒன்றே வழி. சென்னை கன்னிமாரா நூலகம் சட்டப்படி நாளிதழ்களைப் பெறும் நூலகம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்கள் உண்டு. இலங்கைப் பத்திரிகை என்றால் இணையத்தில் 'நூலகம்' என்ற பெயரிலேயே உள்ள தளத்தைப் பாருங்கள். தேதி தெரியாவிட்டால் கட்டிங்கின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சினிமா விளம்பரமும் ஏல அறிவிப்பும் தேதியை நெருங்கவைக்கும். ஒரே பத்திரிகையின் வெவ்வேறு ஊர்ப் பதிப்புகளில் வரி மாறியிருக்கக்கூடும் என்பதால், சுற்றியுள்ள வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சொல் உறுதியான பிறகு பலரும் செய்யும் பிழை, கணினியில் தட்டச்சு செய்து ஒட்டுவது. இந்தச் சொல்லிலேயே அது மாட்டிக்கொள்ளும். தமிழ்நாடு அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன், ணை, லை, ளை, னை நான்கும் பெரும்பாலான அச்சில் துதிக்கை தூக்கிய வடிவத்தில்தான் இருந்தன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம். இன்றைய எழுத்துருவில் 'ஆலை' என்று அடித்தால் புது 'லை' வந்து நிற்கும். 1960களின் பத்தியில் அது அன்னியமாகத் துருத்தும். தேதியை வைத்து மட்டும் முடிவுகட்டவும் முடியாது. பெரியாரின் இதழ்கள் 1935இலிருந்தே சீர்திருத்த எழுத்தில் வந்தன. அந்தக் கட்டிங்கிலேயே 'இல்லை', 'தலைவர்' எப்படி அச்சாகியிருக்கின்றன என்று பார்ப்பதே சரி.

எழுத்துகளையும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆ' சொல்லின் முதலில் வரும் எழுத்து என்பதால் 'ஆனால்', 'ஆகிய', 'ஆண்டு' போன்ற சொற்களில் தேடுங்கள். 'லை'க்குக் 'காலை', 'வேலை', 'விலை'. அதே பத்தியில், முடிந்தால் பக்கத்து வரிகளில் எடுத்தால் மையின் அழுத்தம் ஒத்துப்போகும். அச்சுக் கோத்த காலத்து எழுத்தின் ஓரம் சற்றே கருத்தும் நடு வெளிறியும் இருக்கும். அந்தச் சாயல் எந்த எழுத்துருவிலும் வராது. செய்தியின் முதல் பத்தி சில நேரம் பெரிய எழுத்தில் இருக்கும், அங்கிருந்து எடுக்காதீர்கள். எடுத்த எழுத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டியிருந்தால் தவறான இடத்தில் எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மடிப்பின் அழுக்கை மட்டும் `Heal` கருவியால் துடையுங்கள், தப்பிய மைத்துண்டுகளை விட்டுவையுங்கள். அடிவரியில் ஒரு `Guide` கோடு போடுங்கள். எழுத்தைச் சுற்றிலும் கொஞ்சம் வெள்ளையோடு தேர்ந்து நகலெடுத்து, `Edit > Paste as > New Layer` கொடுத்து, லேயரின் முறையை `Multiply` ஆக்குங்கள். வெள்ளை மறைந்து மை மட்டும் உட்காரும். பழைய மைத்துண்டு புது எழுத்தின் கோட்டோடு பொருந்தி வர வேண்டும். 'ஆ'வின் சுழி அந்தத் துண்டின்மேல் விழாமல் தள்ளி நின்றால், உங்கள் வாசிப்பே தவறாக இருக்கலாம். நிறுத்திவிட்டு மறுபடி யோசியுங்கள். இந்த முறையின் பெரிய பலனே இந்தச் சோதனைதான். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள வெளியை அதே பத்தியின் சொற்களில் அளந்து வையுங்கள். வரியை நிரப்பச் சொற்களுக்கு இடையே உள்ள வெளிதான் பெரும்பாலும் கூடிக் குறையும். எழுத்து சாய்ந்திருந்தால் ஒரே ஒரு முறை திருப்புங்கள், ஒவ்வொரு திருப்பலிலும் ஓரம் மங்கும். வேலை முடியும்வரை ஜேபெக் கோப்பாகச் சேமிக்காதீர்கள். அது புள்ளியைச் சுற்றிப் புகை மூட்டும். லேயர்களோடு எக்ஸ்சிஎஃப், வெளியே கொடுக்கப் பிஎன்ஜி.

இட்ட சொல்லைத் தனி லேயரில் வைத்து, படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "3ஆம் வரியில் 'ஆலை' மடிப்பில் அழிந்திருந்தது, எஞ்சிய மையைக் கொண்டு படித்து, இதே செய்தியின் எழுத்துகளால் நிரப்பப்பட்டது." செய்தியைத் தட்டச்சு செய்து வைத்தால், கல்வெட்டுப் படிகளில் சிதைந்த எழுத்துக்குச் செய்வதுபோலச் சதுர அடைப்பு இடலாம்: [ஆலை]யில். தொடாத முதல் ஸ்கேனை அதே பெயரில் 'மூலம்' என்று சேர்த்து, திருத்திய படத்தோடு ஒரே உறையில் வையுங்கள். நீதிமன்றம், ஓய்வூதியம், நிலம் என்று எதற்காவது சான்றாகக் கொடுப்பதானால் அந்த மூலத்தை மட்டுமே கொடுக்க வேண்டும், மடிப்போடும் மஞ்சளோடும்.