விரலில் தொடங்கி முழங்கை நோக்கி: முள்வழிப் பூஞ்சையின் மெதுவான ஏற்றம்

ஆட்காட்டி விரலில் ஆறாத சிறு புண். புறங்கையில் ஒரு கட்டி, மணிக்கட்டுக்கு மேல் இன்னொன்று, முன்கையின் நடுவில் மூன்றாவது. எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. இப்படி ஒரு கையைப் பார்த்ததும் அனுபவமுள்ள தோல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "செடி வளர்க்கிறீர்களா?" என்பதுதான்.

ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சையால் வரும் இந்த நோய்க்கு ஸ்போரோட்ரிகோசிஸ் என்று பெயர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெஞ்சமின் ஷென்க் 1898இல் இதை முதலில் விவரித்தார். அவருடைய நோயாளிக்கும் புண் விரலில் தொடங்கிக் கையில் மேலேறியிருந்தது. ரோஜா முள்ளால் வருவது என்று பெயர் வாங்கிவிட்டாலும், ரோஜாவுக்கும் இந்தப் பூஞ்சைக்கும் தனி உறவு எதுவும் இல்லை. மண், மட்கும் இலை, வைக்கோல், பழைய மரம் ஆகியவற்றில்தான் அது வாழ்கிறது. தோலைக் கிழிக்கும் எதுவும் அதை உள்ளே கொண்டுபோகலாம். 1940களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், முட்டுக்கொடுத்த மரக்கட்டைகளில் வளர்ந்த பூஞ்சை ஏறக்குறைய 3,000 தொழிலாளர்களைத் தொற்றியது. 1988இல் அமெரிக்காவில் நாற்றுகளைச் சுற்றி அனுப்பப் பயன்படுத்திய ஸ்ஃபாக்னம் பாசியைக் கையாண்ட 84 பேருக்கு நோய் வந்தது.

அந்தப் பாசியை சிங்கப்பூரில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் ரோஜாவும் காகிதப்பூவும் எலுமிச்சையும் தொட்டியில் நிற்கின்றன. சமூகத் தோட்டங்களில் முதியவர்கள் வெறுங்கையால் மண் கிளறுகிறார்கள். சாலையோர மரங்களையும் புதர்களையும் பராமரிப்போரில் தமிழகத்து ஊழியர்கள் பலர். இங்கே இந்த நோய் அரிதுதான். அரிதாக இருப்பதே அதைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதற்கும் காரணம்.

முள் குத்தும்போது தோலுக்கு அடியில் போவது பூஞ்சையின் வித்துகள். மண்ணில், ஏறக்குறைய 25 பாகை வெப்பத்தில், இந்தப் பூஞ்சை மெல்லிய இழைகளாகப் படர்ந்து வளரும். அந்த இழைகளின் நுனியில் பூவிதழ்கள் போல வித்துகள் சுற்றி நிற்கும். மனித உடலின் வெப்பத்துக்குள் வந்ததும் அதன் உருவமே மாறிவிடுகிறது. இழையாக வளர்வதை விட்டுவிட்டு, முட்டை வடிவிலும் சுருட்டு வடிவிலும் உள்ள தனித்தனி ஈஸ்ட் உயிரணுக்களாகப் பெருகத் தொடங்குகிறது. இழை ஓரிடத்தில் வேரூன்றிக் கிடக்கும். தனி உயிரணுவோ நகரும், அல்லது நகர்த்தப்படும். கையில் மேலேறும் ஆற்றல் இந்த மாற்றத்தால்தான் கிடைக்கிறது.

ஏறும் பாதை நிணநீர் நாளம். இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரைத் திரும்பச் சேகரிக்கும் மெல்லிய குழாய்கள் இவை. தோலுக்குக் கீழே விரலிலிருந்து அக்குள் வரை ஓடுகின்றன. உள்ளே உள்ள வால்வுகள் நீரைக் கீழே இறங்க விடாததால் போக்கு எப்போதும் மேல்நோக்கியே இருக்கும். கட்டிகள் நேர்வரிசையில் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நிணநீர் விரலிலிருந்து அக்குளுக்குப் போக வாரக்கணக்கு ஆகாது. சாதாரண பாக்டீரியா இதே நாளத்தில் இறங்கினால் ஒன்றிரண்டு நாளில் கையில் சிவப்புக் கோடு ஓடும். காய்ச்சலும் வலியும் வரும். அதே பாதையில் இந்தப் பூஞ்சை மட்டும் ஏன் தயங்கித் தயங்கி ஏறுகிறது?

முதல் காரணம், அது மெதுவாகப் பெருகுகிறது. இரண்டாவது, நம் வெள்ளணுக்கள் வழியிலேயே அதைச் சூழ்ந்துகொள்கின்றன. விழுங்கினாலும் எளிதில் கொல்ல முடிவதில்லை. எனவே வெள்ளணுக்கள் மேலும் மேலும் குவிந்து அந்த இடத்தில் ஒரு முடிச்சு உருவாகிறது. நாம் தடவிப் பார்க்கும் கட்டி பெரும்பாலும் நம் உடலே கட்டிய முற்றுகை. அதற்குள் பூஞ்சை மிகக் குறைவு. சில பூஞ்சை உயிரணுக்கள் தப்பி, இன்னும் சற்று மேலே போய் அங்கே அடுத்த முற்றுகையில் சிக்குகின்றன. மூன்றாவது காரணம் வெப்பம். கைத்தோல் உடலின் உட்பகுதியைவிடச் சில பாகை குளிர்ச்சியானது. இந்தியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் அதிகம் காணப்படும் ஸ்போரோத்ரிக்ஸ் குளோபோசா என்ற இனம் 37 பாகையில் வளரவே திணறும். அதனால் நோயெதிர்ப்பு ஆற்றல் நன்றாக உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டாக, ஈசூனில் தாழ்வாரத் தோட்டம் வைத்திருக்கும் அறுபது வயதுப் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ரோஜாக் கிளையை வெட்டும்போது விரலில் முள் குத்துகிறது. இரண்டு நாளில் மறந்துவிடுகிறார். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் வலியற்ற சிவந்த பரு தோன்றிப் பின்னர் உடைந்து புண்ணாகிறது. மருந்தகத்தில் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக் தருகிறார்கள். குணமில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் புறங்கையிலும் முன்கையிலும் கட்டிகள். "மஞ்சள் அரைத்துப் பூசுங்கள் அக்கா" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அவர் சொல்லவேண்டிய இரண்டு செய்திகள்: முள் குத்தியது, ஆன்டிபயாட்டிக் பலிக்கவில்லை. முள் குத்தியதற்கும் பரு வந்ததற்கும் இடையே சில நாள் முதல் மூன்று மாதம் வரை போகலாம் என்பதால், நோயாளிகளே பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

வரிசைக் கட்டிகளைப் பார்த்ததும் பூஞ்சைதான் என்று முடிவுகட்டவும் கூடாது. மீன்தொட்டி கழுவுபவர்களைத் தொற்றும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமியும் ஏறக்குறைய இதே கோலத்தைக் கையில் உண்டாக்கும். மண்ணில் வாழும் நோக்கார்டியாவும் அப்படித்தான். மூன்றுக்கும் மருந்து வேறு. வீட்டில் மீன்தொட்டியும் பூந்தொட்டியும் சேர்ந்தே இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்வது நல்லது. பூனை இருந்தால் அதையும்: பக்கத்து மலேசியாவில் பூனையின் பிறாண்டல்வழி இந்தப் பூஞ்சை தொற்றுவது நன்கு அறியப்பட்டது.

உறுதிசெய்யக் கட்டியிலிருந்து சிறு துண்டுத் திசு எடுக்க வேண்டும். உள்ளே பூஞ்சை குறைவாக இருப்பதால் நுண்ணோக்கியில் பெரும்பாலும் எதுவும் தென்படாது. "திசுவில் பூஞ்சை இல்லை" என்ற அறிக்கையை நம்பி விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை என்பது என் கருத்து. அதே திசுவின் ஒரு பகுதியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 25 பாகையில் வைத்தால் சில நாள்களிலேயே வளரத் தொடங்கலாம். ஆனால் நான்கு வாரம் வரை காத்திருந்த பிறகே இல்லை என்று சொல்லலாம்.

முதல் மருந்து இட்ராகொனசோல், வழக்கமாக நாளொன்றுக்கு 200 மில்லிகிராம். கேப்சூலை உணவோடு விழுங்கினால்தான் நன்றாக உட்கிரகிக்கப்படும். இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு இது ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மருந்துகளோடு சேரவும் கூடாது. நம் முதியவர்களில் பலர் அந்த மாத்திரைகளை எடுப்பதால் முழு மருந்துப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பழைய மருந்தான பொட்டாசியம் அயோடைடு கரைசலும் தோலளவில் நிற்கும் நோய்க்கு இன்றும் பயன்படுகிறது. மருந்து எடுக்க முடியாத கர்ப்பிணிகளுக்குக் கட்டியின்மேல் 42 பாகை அளவில் நாள்தோறும் ஒத்தடம் தரும் முறையும் உண்டு. பூஞ்சைக்குச் சூடு ஆகாது என்பதே அதன் அடிப்படை.

கட்டிகள் கரைவதற்கே வாரக்கணக்கு ஆகும். எல்லாம் மறைந்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் மருந்தைத் தொடர வேண்டும். மொத்தத்தில் மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். தோல் மேலே ஆறிய நாளில் நிறுத்திவிட்டால், கண்ணுக்குத் தெரியாத முடிச்சுகளில் மிஞ்சியிருப்பவை மறுபடியும் பெருகத் தொடங்கும்.