கார்டை மாற்றினாலும் சந்தா நிற்காது

பிள்ளை விளையாடும் கேமுக்காகக் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டிருப்பது தெரிந்ததும், பெரும்பாலான பெற்றோர் உடனே கேமை அழித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் பணம் போனால் வங்கியை அழைத்து, "கார்டை மாத்திக் குடுங்க" என்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளி விடுமுறை முடிந்த சில வாரங்களில் இப்படிப்பட்ட அழைப்புகள் கூடிவிடும். கேமை அழித்தாலும் சரி, கார்டை மாற்றினாலும் சரி, சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஏன் அப்படி என்பதை ஒரு குடும்பத்துக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஈசூனில் இருக்கும் ஓர் அம்மா. மகன் தொடக்கநிலை நான்கு. ஜூன் விடுமுறையில் ஐபேட்டில் ஒரு கேம் விளையாடியபோது, மூன்று நாள் இலவசம் என்று திரையில் வந்ததைத் தொட்டிருக்கிறான். இலவச நாள் முடிந்ததும் வாரத்துக்கு 9.98 வெள்ளி போகத் தொடங்கியது. வாரச் சந்தா என்பதைக் கவனிக்க வேண்டும். திரையில் பத்து வெள்ளிக்கும் குறைவாகத் தெரியும் தொகை, ஒரு வருடம் ஓடினால் ஐந்நூறு வெள்ளியைத் தாண்டிவிடும்.

அவர் கவனிக்கும்போது எட்டு வாரம் ஓடிவிட்டது. கார்டு அறிக்கையில் கேமின் பெயர் எங்கும் இல்லை. APPLE.COM/BILL என்று மட்டும் இருந்தது; தம்முடைய சேமிப்பிடச் சந்தாவாக இருக்கும் என்று விட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் மட்டும் தொகை 21.94 வெள்ளி. ஆப்பிள் சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட கொள்முதல்களைச் சேர்த்து ஒரே தொகையாக எடுக்கும். இது அந்த வாரச் சந்தாவும், மகன் கேமுக்குள் தலா 5.98 வெள்ளிக்கு வாங்கிய இரண்டு ரத்தினப் பொட்டலங்களும் சேர்ந்தது. அறிக்கையை மட்டும் வைத்து இதைப் பிரித்தறிய முடியாது. எந்தக் கணக்கில் வாங்கினார்களோ அந்தக் கணக்கின் Purchase History பக்கத்தில்தான் எந்தச் செயலிக்கு எவ்வளவு என்று தெரியும்.

ஐபேட்டிலிருந்து கேமை அழித்தார். அடுத்த இரண்டு வாரமும் பணம் போனது. "கேமையே அழிச்சிட்டேன் சார், இல்லாத கேமுக்கு எப்படிக் காசு எடுக்கிறாங்க?" என்று கேட்டார். சந்தா என்பது ஆப்பிள் கணக்குக்கும் கேம் நிறுவனத்துக்கும் இடையில் இருக்கும் ஏற்பாடு. செயலி கருவியில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. கூகல் பிளேயிலும் இதே கதைதான்.

பிறகு கார்டை மாற்றிக்கொண்டார். புது எண்ணில் கார்டு வந்த வாரத்திலேயே இன்னொரு 9.98 போனது. அப்போதுதான் அவர் உண்மையிலேயே பயந்துபோனார், யாரோ கார்டைத் திருடிவிட்டார்கள் என்று. திருட்டு எதுவும் நடக்கவில்லை. கார்டு எண் மாறும்போது, சந்தா வசூலிக்கும் நிறுவனங்களுக்குப் புது எண்ணைத் தானாகத் தெரிவிக்கும் சேவையை விசாவும் மாஸ்டர்கார்டும் வைத்திருக்கின்றன. மின்கட்டணமும் காப்புறுதியும் தடைபடக் கூடாது என்பதற்காக வந்த வசதி இது. வங்கி அதில் சேர்ந்திருந்தால் கேம் சந்தாவும் சேர்ந்தே புதுக் கார்டுக்கு நகர்ந்துவிடும். அப்படி நகராமல் பணம் எடுக்கத் தவறினாலும் சந்தா உடனே செத்துவிடாது. ஆப்பிள் 60 நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயலும். கணக்கில் பாக்கி இருந்தால் வேறு செயலிகளை வாங்குவதும் தடைபடும்.

சந்தாவை நிறுத்த ஒரே ஓர் இடம்தான் உண்டு: பணத்தை வசூலிப்பவரிடம், சந்தாவைத் தொடங்கிய அதே கணக்கில். அந்த அம்மா தம் ஐபோனில் Settings திறந்து, மேலே தம் பெயரைத் தொட்டு, Subscriptions பார்த்திருக்கிறார். கேம் சந்தா அங்கே இல்லை. இருக்கவும் இருக்காது. குடும்பக் கணக்கில் மகனுக்குத் தனி ஆப்பிள் கணக்கு இருந்தது. அம்மாவின் கார்டு குடும்பம் முழுவதுக்கும் பொதுவானது. பணம் அம்மாவுடையது, சந்தா மகன் கணக்கில். மகனுடைய ஐபேட்டில் அதே வழியாகப் போனதும் சந்தா தெரிந்தது. Cancel Subscription தொட்டு, மறுபடியும் உறுதி செய்ய வேண்டும். பலர் முதல் தொடுதலோடு விட்டுவிடுகிறார்கள். முடிந்ததா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. சந்தாவின் கீழே Renews என்று தேதி இருந்தால் அது இன்னும் உயிரோடிருக்கிறது. Expires என்று மாறியிருந்தால் முடிந்தது. கட்டிய காலம் முடியும்வரை சலுகைகள் இருக்கும்; அதைப் பார்த்துச் சந்தா நிற்கவில்லையென்று பதற வேண்டாம். அடுத்த தொகை எடுக்கும் நேரத்துக்கு ஒரு நாளாவது முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வாரச் சந்தாவில் அந்த அவகாசம் சீக்கிரம் கரைந்துவிடும்.

ஆண்ட்ராய்டு கருவியானால், பிள்ளையின் கணக்கில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள படத்தைத் தொட்டு, Payments & subscriptions, பிறகு Subscriptions. கேமின் சொந்த இணையப்பக்கத்தில் கார்டு எண் கொடுத்துத் தொடங்கிய சந்தாவாக இருந்தால், இந்த இரண்டு இடத்திலும் காணக் கிடைக்காது. கேம் கணக்கின் அமைப்புகளுக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். ரோப்லாக்ஸ் அப்படித்தான்: ஐபேட்டில் வாங்கியிருந்தால் ஆப்பிளில் நிறுத்த வேண்டும், இணையத்தில் வாங்கியிருந்தால் ரோப்லாக்ஸில் நிறுத்த வேண்டும்.

போன பணத்தைப் பற்றி. "மோசடின்னு போட்டு ரிவர்ஸ் பண்ணுங்க சார்" என்று அவரும் கேட்டார். பலரும் கேட்பதுதான். வீட்டுப் பிள்ளை, வீட்டுக் கருவியில், பெற்றோரே பதிந்து வைத்த கார்டில் வாங்கியதை நாங்கள் மோசடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி எழுதிக் கையெழுத்திட்டால் அது பொய்யான புகார் ஆகிவிடும். இன்னொரு கவலையும் உண்டு. வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப இழுத்தால், ஆப்பிளோ கூகலோ அந்தக் கணக்கையே முடக்கக்கூடும். அதில் குடும்பப் படங்களும் இருந்தால் இழப்பு சந்தாத் தொகையைவிடப் பெரிது. ஆகவே முதலில் செயலிக் கடையிடமே கேளுங்கள். ஆப்பிளுக்கு reportaproblem.apple.com பக்கத்தில், வாங்கிய கணக்கில் நுழைந்து, ஒவ்வொரு தொகைக்கும் காரணம் சொல்லி விண்ணப்பிக்கலாம். பிள்ளை அனுமதியின்றி வாங்கியதை உள்ளபடியே சொல்லுங்கள். பணம் எடுத்தது இன்னும் நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை விண்ணப்பிக்க முடியாது. கூகல் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. அதற்குப் பிறகு பெரும்பாலும் கேம் நிறுவனத்திடம் அனுப்பிவிடுவார்கள். இந்த அம்மாவுக்குப் பதினொரு வாரச் சந்தாவில் கடைசி நான்கு வாரத்துக்கான 39.92 வெள்ளி திரும்பி வந்தது. மற்றது போனதுதான்.

இனி வராமல் தடுப்பது. சந்தாவை நிறுத்தியதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அடுத்த கேமில் அடுத்த இலவச மூன்று நாள் காத்திருக்கிறது. இங்கே பெற்றோர் நம்பி ஏமாறும் ஒரு சொல் இருக்கிறது. கூகல் பிளேயில் மாதச் செலவுக்கு ஒரு தொகை போட்டு வைக்க Set budget என்று ஒரு வசதி உண்டு. தொகை நெருங்கினால் அது சொல்லும், தாண்டினால் தடுக்காது. வெறும் மணியடிப்பு. உண்மையாகத் தடுப்பது வேறு அமைப்பு: பெற்றோருக்கான கூகல் செயலியான ஃபேமிலி லிங்க்கில் பிள்ளையின் கணக்குக்குப் போய், வாங்க அனுமதி கேட்கும் அமைப்பை எல்லாக் கொள்முதலுக்கும் வைப்பது. அதுவும் கூகலின் வழியாகக் கட்டும் பணத்துக்கு மட்டுமே. பிளேஸ்டேஷன் இதில் தெளிவாக இருக்கிறது. குடும்பத்தின் பொறுப்பாளர் பிள்ளைக்கு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று எண்ணாகவே போடலாம். அதற்கு மேல் போகாது.

ஆப்பிளில் அப்படி மாதத் தொகை போட இடமில்லை. அங்கே இரண்டு வழி. அம்மாவின் கைப்பேசியில் Settings, Family, மகன் பெயர், Ask to Buy. இதைப் போட்டால் மகன் எதை வாங்கத் தொட்டாலும் அம்மாவின் கைப்பேசிக்குக் கேள்வி வரும். ஏற்கெனவே ஓடும் சந்தா புதுப்பிக்கும்போது இது கேட்காது. அதனால்தான் முதலில் நிறுத்தல், பிறகு பூட்டு. இரண்டாவது, அடியோடு மூடுவது: மகனுடைய Screen Time பகுதியில் Content & Privacy Restrictions, அதற்குள் iTunes & App Store Purchases, அதில் In-app Purchases என்பதை Don't Allow ஆக்குவது. Screen Time கடவு எண் பிள்ளைக்குத் தெரிந்த கைப்பேசிக் கடவு எண்ணாக இருக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை அம்மா எண் அழுத்துவதைப் பக்கத்திலிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கும்!

பிறந்தநாளுக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்த கிஃப்ட் கார்டுத் தொகையே எல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். குடும்பக் கணக்கில் அது எல்லை ஆகாது. பிள்ளையின் இருப்பு முதலில் கழியும். போதாத மிச்சம் பொதுவான கார்டில் விழும். இருப்பு மட்டுமே செலவாக வேண்டுமென்றால், கார்டைக் குடும்பத்துக்குப் பொதுவாக்கும் Purchase Sharing வசதியை நிறுத்தி, பிள்ளையின் கணக்கில் கார்டே இல்லாமல் செய்ய வேண்டும். சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டை எடுக்க விடமாட்டார்கள். அதற்கும் முதலில் அந்த Expires வர வேண்டும். கைப்பேசிக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டும் வழியையும் பாருங்கள். சிங்கப்பூரில் ஆப்பிளுக்கும் கூகலுக்கும் தொலைபேசி நிறுவனம் வழியாகப் பணம் கட்டலாம். கார்டை எடுத்த பிறகும் அது திறந்திருந்தால், செலவு வங்கி அறிக்கையில் தெரியாது, தொலைபேசி பில்லில் தெரியும்.

வங்கிச் செயலியில் கார்டு செலவு அறிவிப்பு எத்தனை வெள்ளிக்கு மேல் வருமென்று ஒரு தொகை இருக்கும். அது நூறு வெள்ளி என்று இருந்தால் 9.98 ஒருநாளும் மணியடிக்காது. முடிந்த அளவு குறைத்து வையுங்கள். எல்லாவற்றையும் அமைத்த பிறகு, பிள்ளையையே கூப்பிட்டு உட்கார வைத்து, கேமில் மிகக் குறைந்த விலைப் பொருள் ஒன்றை வாங்கும் பொத்தானைத் தொடச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசிக்குக் கேள்வி வந்தால் மறுத்துவிடுங்கள். கேள்வி வராமல் கடவுச்சொல்லோ முகமோ கேட்டால், அங்கேயே நிறுத்திவிட்டுப் பூட்டை மறுபடி பாருங்கள்.