‘இணையான சொற்றொடர்’ அல்ல, அடுக்குமொழி

ஸ்லைடு எழுதக் கற்றுத்தரும் தமிழ்க் குறிப்புகளில் ‘இணையான சொற்றொடர்களைப் பயன்படுத்துங்கள்’ என்று பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அதை நம்பி ஒருவர் எழுதிய ஸ்லைடைப் போன வாரம் பார்த்தேன்: ‘செலவு குறையும், பணம் மிஞ்சும், சிக்கனம் கூடும்.’ மூன்று வரி, ஒரே கருத்து. அவர் மேல் தப்பில்லை. ‘இணையான சொல்’ என்றால் அதே பொருள் தரும் வேறு சொல் என்றுதானே நாம் எடுத்துக்கொள்வோம்?

மூலச்சொல் பாரலலிசம், கிரேக்கத்திலிருந்து வந்தது, ‘ஒன்றன் பக்கத்தில் ஒன்று’ என்று பொருள். கணக்கில் இணைகோடு சரிதான். பேச்சில் அது குறிப்பது வேறு: பொருள் மாறும், அமைப்பு மாறாது. இந்தப் பாதியைத்தான் ‘இணை’ விழுங்கிவிடுகிறது.

கருத்துகளை மூன்று மூன்றாக அடுக்கச் சொல்லும் குறிப்புக்கு வைத்த ‘மூன்றின் விதி’ என்ற பெயர் இன்னும் மோசம். கணக்கில் தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் கண்டுபிடிக்கும் முறைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான், அதனால் படிப்பவர் எங்கேயோ போய்விடுவார். தவிர, இது விதியே இல்லை, பேச்சாளர்களின் வழக்கம். ‘மூன்றாக அடுக்குவது’ என்றாலே விளங்கிவிடும்.

இரண்டையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் அடுக்குமொழி இருக்கிறது. அண்ணாவின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ நினைவில் நிற்பது ஏன்? மூன்றும் வேறு வேறு பண்புகள், மூன்றும் பெயர்ச்சொற்கள், மூன்றிலும் ‘க’ மோனை. அடுக்குத்தொடரோடு குழம்பும் என்பார்கள். ‘பாம்பு பாம்பு’ என்று ஒரே சொல் திரும்ப வருவது அடுக்குத்தொடர். இங்கே வேறு வேறு சொற்கள் ஒரே வார்ப்பில் வருகின்றன. இதில் என்ன குழப்பம்?

பெயர் தப்பானால் வேலையும் தப்புகிறது. ஒரு ஸ்லைடில் இப்படி இருந்தது என்று வையுங்கள்: ‘செலவுக் குறைப்பு’, ‘விரைவாக முடிக்கலாம்’, ‘பிழைகள் இல்லாத வெளியீடு’. முதலாவது பெயர், இரண்டாவது வினை, மூன்றாவது நீண்ட தொடர். வாய்விட்டுப் படித்தால் ஒவ்வொரு வரியிலும் நாக்கு தடுக்கும். இதையே ‘செலவு குறையும், நேரம் மிஞ்சும், பிழை ஒழியும்’ என்று மாற்றினால் எல்லாம் இரண்டிரண்டு சொல், எல்லாம் ‘உம்’மில் முடிகிறது. யாப்பில் இதை இயைபு என்பார்கள். ஆங்கிலத்தில் வரியை வினையில் தொடங்கி ஒழுங்கு காட்டுவார்கள், நமக்கு வினை கடைசியில் வருவதால் தாளம் வரிமுடிவில்தான் விழும். ‘எல்லா வரியையும் ஒரே மாதிரி தொடங்குங்கள்’ என்று அப்படியே பெயர்த்து வைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசிப்பதே இல்லை. சீசரின் வாசகம் ‘வந்தேன், கண்டேன், வென்றேன்’ என்று தமிழில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்ததும் அந்த ‘ஏன்’ முடிவால்தான்.

அடுக்கியபின் ஏதாவது ஒரு வரியை நீக்கிப் பாருங்கள். பொருள் குறையவில்லை என்றால் அந்த வரி எண்ணிக்கைக்காக வந்தது, நான் பார்த்த சிக்கன ஸ்லைடு மாதிரி. சொல்ல வேண்டியது இரண்டுதான் என்றால் இரண்டோடு விடுங்கள். செய்முறையில் நான்கு படிகள் இருந்தால் நான்கையும் எழுதுங்கள், மூன்றுக்காக ஒரு படியை வெட்டினால் பார்ப்பவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.